மகள்கள் பிரியாத வீடு

ஜப்பானின் ஃபுகுவோகா கடற்கரைக்கு அப்பால் ஐனோஷிமா என்றொரு சிறு தீவு இருக்கிறது. சுமார் ஒன்றேகால் சதுர கிலோமீட்டர் பரப்பு. காலாற நடந்தே சுற்றி வந்துவிடலாம். மீன்பிடிப்புதான் ஊரின் பிழைப்பு. மீனை அரிந்து மிஞ்சும் தலையும் குடலும் வீட்டுச் சோற்று மிச்சத்தோடு ஊருக்குள் இருக்கும் சில குப்பைமேடுகளுக்குப் போகும். ஒவ்வொரு குப்பைமேட்டைச் சுற்றியும் ஒரு பூனைக் கூட்டம் வாழ்ந்தது.

1980களின் இறுதியிலும் 1990களிலும் அகிஹிரோ யமானே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தப் பூனைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ 200 பூனைகள். ரோமத்தின் நிறம், திட்டுகள், வால் இவற்றை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். எந்தப் பூனை எந்தக் குப்பைமேட்டில் தின்கிறது, யார் பக்கத்தில் யார் படுக்கிறார்கள், யாரைக் கண்டு யார் ஒதுங்குகிறார்கள் என்று நாள்கணக்கில் குறித்துக்கொண்டார்கள். பார்வைக்கு ஒரே நெரிசலாகத் தெரிந்த அந்த ஊர்ப் பூனைகளுக்குள் தெளிவான கூட்டங்கள் இருந்தன. ஒரு மேட்டில் தின்னும் பூனை அடுத்த மேட்டுக்குச் சாப்பாட்டுக்காகப் போவது அரிது. அடுத்த மேடு நூறு தப்படி தூரத்தில் இருந்தாலும் அது வேறொரு குடும்பத்தின் வாசல்.

‘பூனை தன்னந்தனி விலங்கு, அதற்கு யாரும் வேண்டாம்’ என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். நாயோடு ஒப்பிட்டு அதற்கு நன்றி கிடையாது என்றும் சொல்கிறோம். மனிதர் கட்டுப்பாடில்லாமல் வாழும் பூனைகளை ஐம்பது ஆண்டுகளாகக் கவனித்தவர்கள் கண்டது வேறு. பூனைக்கும் சுற்றம் உண்டு. அந்தச் சுற்றம் எதற்காக உண்டானது என்பதில்தான் நாய்க்கும் அதற்கும் வித்தியாசம். நாயின் கூட்டம் ஒரு தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து இரை தேடிய குடும்பத்திலிருந்து வந்தது. பூனையின் கூட்டம் குட்டி வளர்க்கும் பெண்களிடமிருந்து வந்தது.

ஓர் எலியைப் பங்கு போட முடியாது

பூனை ஏன் தனியாக வேட்டையாடுகிறது என்பதற்குப் பதில் அதன் இரையின் அளவில் இருக்கிறது. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி இருக்கும். பூனைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு எலிகள் வேண்டும். ஒரே வாயில் தீர்ந்துபோகிற இரையைப் பிடிக்க இரண்டாவது பூனை உதவிக்கு வந்தால், இரண்டுமே அரைவயிற்றோடு திரும்ப வேண்டியதுதான். அதுவுமல்லாமல் பூனை துரத்திப் பிடிப்பதில்லை. பதுங்கிக் காத்திருந்து பாய்கிறது. அங்கே இன்னொரு காலடிச் சத்தம் இடைஞ்சல்.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இன்றும் வாழும் ஒரு காட்டுப்பூனை. உலகின் வீட்டுப் பூனைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்தக் காட்டுப்பூனை தனியாகத்தான் வாழ்கிறது. தாயும் குட்டிகளும் சில மாதங்கள் சேர்ந்திருக்கும். பிறகு அவரவர் பாதை.

விவசாயம் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. தானியம் குவித்த இடத்தில் எலிகள் குவிந்தன, எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் பக்கத்தில் ஒரு பூனையையும் புதைத்திருந்ததைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். இயற்கையில் சிதறிக் கிடந்த உணவு, மனிதர் வாழும் இடத்தில் ஒரே முனையில், நாள் தவறாமல் கிடைத்தது. களஞ்சியம், மாட்டுத்தொழுவம், மீன் இறங்குதுறை, சந்தை, உணவகத்தின் பின்வாசல் எல்லாம் அப்படிப்பட்ட முனைகள்தான்.

ஆகவே பூனைகள் கூட்டமாக வாழுமா, தனியாக வாழுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வெறும் எலியையும் முயலையும் நம்பி வாழும் இடங்களில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு பூனைகூட இராது. மீன்கழிவு கொட்டும் ஊர்களில் அதே பரப்புக்கு 2,000க்கும் அதிகமாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே இனம்தான். வேட்டையாடப் போகும்போது மட்டும் கூட்டத்துப் பூனையும் தனியாகவே போகும், தனியாகவே தின்னும்.

தாய், மகள், பேத்தி

உணவு ஒரே இடத்தில் கிடைப்பதால் பூனைகள் அங்கே வருகின்றன என்பது சரி. வந்த பூனைகள் எல்லாம் ஏன் ஒன்றுசேர்வதில்லை? ஏன் சிலதை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றைத் துரத்துகின்றன?

இதற்கு ஸ்வீடனில் ஓலோஃப் லிபெரி என்ற ஆய்வாளர் பண்ணைப் பூனைகளிடம் பதில் தேடினார். ஒவ்வொரு பண்ணைவீட்டையும் சுற்றி வாழ்ந்த பெட்டைகள் ஒன்றுக்கொன்று உறவாக இருந்தன. தாய், அவளுடைய மகள்கள், சகோதரிகள், சில இடங்களில் பேத்திகள். மகள் வளர்ந்தபிறகும் பிறந்த இடத்திலேயே தங்கினாள். வேற்றிடத்துப் பெட்டை ஒன்று வந்து சேர முயன்றால் இவர்கள் கூடி விரட்டினார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் துறைமுகத்துக்குள் வாழ்ந்த பூனைகளை 1970களில் ஜேன் டார்ட்ஸ் ஆராய்ந்தபோதும் இதே அமைப்பைக் கண்டார். பெட்டைக் குடும்பங்கள் குப்பைத்தொட்டிகளை ஒட்டிச் சிறிய பரப்பில் வாழ்ந்தன. முதிர்ந்த கடுவன்கள் அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு பரப்பில் சுற்றித் திரிந்தன.

நம் ஊரில் பெண்தான் பிறந்தவீட்டை விட்டுப் புகுந்தவீடு போகிறவள். பூனைகளில் அது தலைகீழ். பெண் பிறந்தவீட்டிலேயே இருக்கிறாள், பையன் வெளியேறுகிறான். கூட்டத்தின் உணவிடமும் மறைவிடமும் தாய்வழிச் சொத்துபோல மகளுக்குக் கைமாறுகின்றன.

குடும்பம் பெரிதாகி உணவு போதாமல் போகும்போது இந்த வீடும் பிளவுபடும். நெருங்கிய உறவுள்ளவை நடுவில் இருக்கும். மற்றவை விளிம்புக்குத் தள்ளப்படும். உணவிடத்திலிருந்து தள்ளி வாழும் அந்த ஓரத்துப் பூனைகள் மெலிந்திருக்கும், அவற்றின் குட்டிகளும் குறைவாகவே தேறும். ஒரு சந்தையிலோ குடியிருப்பிலோ இருபது பூனைகளைப் பார்த்தால் அது ஒரே கூட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில நாள் நின்று பார்த்தால் ஒட்டிப் படுக்கிற நான்கு, தள்ளி நிற்கிற மூன்று, மற்றவை போனபிறகு மட்டும் வருகிற ஒன்று என்று பிரிந்து தெரியும்.

பொதுத் தொட்டில்

இந்தப் பெண்கள் சேர்ந்திருந்து செய்யும் வேலை குட்டி வளர்ப்பது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மெக்டொனால்டும் பீட்டர் ஆப்ஸும் 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பண்ணையொன்றில் ஒரு சிறு பூனைக் கூட்டத்தை உன்னிப்பாகக் கவனித்தார்கள். உறவுள்ள பெட்டைகள் தங்கள் குட்டிகளை ஒரே வைக்கோல் படுக்கையில் சேர்த்து வைத்துக்கொண்டன. எது யாருடைய குட்டி என்று பார்க்காமல் பால் கொடுத்தன, நக்கிச் சுத்தம் செய்தன. ஒருத்தி ஈனும்போது இன்னொருத்தி பக்கத்தில் இருந்து உதவியதையும் இந்த ஆய்வுகள் பதிவு செய்தன.

ஏன் இப்படி? பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். அதைத் தேட அவள் வெளியே போக வேண்டும். தனித் தாய் போனால் கண் திறக்காத குட்டிகள் காவலின்றிக் கிடக்கும். கூட்டுத் தொட்டிலில் ஒருத்தி போனால் இன்னொருத்தி இருப்பாள். குட்டிகளுக்கு நரியும் நாயும் மட்டும் ஆபத்து அல்ல. அந்நியக் கடுவன் ஒன்று உள்ளே புகுந்து குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு. அடிக்கடி நடப்பதில்லை என்றாலும் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். குட்டிகளை இழந்த தாய் சீக்கிரமே மறுபடியும் சூட்டுக்கு வருவாள், அந்தக் கடுவனின் குட்டிகளைச் சுமக்கக்கூடும். அப்படிப்பட்ட வேளையில் வாசலில் இரண்டு பெட்டைகள் நிற்பதற்கும் ஒருத்தி நிற்பதற்கும் நிறைய வித்தியாசம்.

இடம் மாற்றுவதிலும் துணை உதவும். மறைவிடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்துத் தோலில் கவ்வித் தூக்கிப் போகிறாள். கவ்வியதும் குட்டி கைகால் மடக்கி அசையாமல் தொங்கும். தென்கலை வைணவர்கள் சரணாகதியை விளக்க ‘மார்ஜார நியாயம்’ என்று எடுத்துக்காட்டுவது இந்தக் காட்சியைத்தான். ஐந்து குட்டிகளை மாற்ற ஐந்து நடை. அந்த நேரமெல்லாம் மிச்சக் குட்டிகள் இரண்டு இடத்திலும் தனித்துக் கிடக்கும். தங்கையோ மகளோ கூட இருந்தால் ஒரு முனைக்குக் காவல் கிடைக்கிறது. ‘குட்டி போட்ட பூனை மாதிரி’ என்று நாம் சொல்லும் அந்தத் தவிப்பைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே படுக்கையில் பத்துக் குட்டிகள் இருந்தால் ஒன்றுக்கு வரும் சளிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் வரும். பூனைகளிடையே பரவும் சுவாச நோய்கள் கூட்டுத் தொட்டிலை முழுவதுமாகக் காலி செய்துவிடக்கூடியவை. கூட்டுக்குடும்பத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஊர் சுற்றும் மகன்கள்

இனி ஐனோஷிமாவுக்குத் திரும்பலாம். ஆண்களின் கதை அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது.

கடுவனும் ஒரு குப்பைமேட்டைச் சேர்ந்தவன்தான். மற்ற நாட்களில் அங்கே தின்று அங்கே படுப்பான். பெட்டைகள் சூட்டுக்கு வரும் பருவத்தில் கடுவன்கள் இரண்டு வழியாகப் பிரிகின்றன. எடை குறைந்தவை சொந்தக் கூட்டத்தைச் சுற்றியே நிற்கும். எடை மிகுந்தவை அடுத்த கூட்டங்களின் எல்லைக்குள் போய்ப் பெட்டையை நெருங்கும். சூட்டில் இருக்கும் பெட்டையைச் சுற்றி ஆண்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கும்போது யார் அருகில், யார் தூரத்தில் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானித்தன: உடல் எடை, சொந்த இடத்தில் இருப்பது. விருந்தாளியாக வந்தவன் உள்ளூர்க்காரனை மிஞ்ச வேண்டுமென்றால் நல்ல கனமாக இருக்க வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் வீட்டில் இருக்கும் கடுவனுக்கே வசதி. ஆனால் குட்டிகளின் மரபணுவைச் சோதித்தபோது பல குட்டிகளின் தகப்பன் வேற்றுக் கூட்டத்துக் கடுவன் என்று தெரிந்தது. இதில் பெட்டையின் பங்கு என்ன என்பதை அதே தீவில் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். நெருங்கிய உறவுள்ள ஆண் அணுகும்போது பெட்டைகள் அதிகமாக மறுத்து உதறின. உறவில்லாத ஆணை அதிகமாக ஏற்றன. பெண்கள் பிறந்தவீட்டிலேயே தங்கிவிடும் சமூகத்தில், பக்கத்தில் இருக்கும் ஆண் அண்ணனோ மாமனோ மகனோ ஆக இருக்கலாம். அந்தச் சிக்கலைப் பெட்டை தன் விருப்பத்தால் தீர்த்துக்கொள்கிறாள்.

பூனைக்குக் கரு முட்டை புணர்ச்சிக்குப் பிறகுதான் வெளியாகும். ஒரே சூட்டில் அவள் பல ஆண்களோடு சேர்வதும் உண்டு. அதனால் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருக்கலாம். பிரான்சில் செய்த ஆய்வொன்றில் கிராமப்புறத்தில் இப்படிப்பட்ட ஈற்றுகள் குறைவாகவும், நெரிசலான லியோன் நகரத்தில் பெரும்பான்மையாகவும் இருந்தன. ஐந்து பெட்டைகளை ஒரு கடுவனால் காவல் காக்க முடியலாம். ஐம்பது பூனைகள் உள்ள இடத்தில் முடியாது. ரோம் நகரத்தின் பெரிய கூட்டமொன்றை ஆராய்ந்த எவ்ஜேனியா நத்தோலி, கடுவன்கள் பெட்டைக்காகப் பெரிதாகச் சண்டையிடாமல் காத்திருந்து வாய்ப்பு வரும்போது அணுகியதைக் கண்டார். போட்டியாளர்கள் கணக்கில்லாமல் இருக்கும் இடத்தில் சண்டை போடுகிறவனுக்குக் காயம்தான் மிச்சம். அவன் சண்டையில் இருக்கும்போது மூன்றாமவன் பெட்டையிடம் போய்விடுவான்.

வால் நிமிர்ந்தால் வணக்கம்

இத்தனை பூனைகள் சேர்ந்து வாழ வேண்டுமென்றால், ‘நான் சண்டைக்கு வரவில்லை’ என்று தூரத்திலிருந்தே சொல்ல ஒரு வழி வேண்டும். கூரான பல்லும் நகமும் உள்ள இரண்டு விலங்குகள் கிட்ட வந்தபிறகு அதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

பூனைகள் அதற்கு வாலைப் பயன்படுத்துகின்றன. வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு வரும் பூனை இணக்கத்தோடு வருகிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 1990களில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பூனையின் உருவத்தைக் கறுப்பு நிழல்போல வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். வால் நிமிர்ந்த உருவத்தைப் பார்த்த வீட்டுப் பூனைகள் தாங்களும் வாலை நிமிர்த்திக்கொண்டு போயின. வால் தாழ்ந்த உருவத்தைக் கண்டபோது தயங்கின. வாசனை இல்லை, சத்தம் இல்லை. வாலின் கோணம் மட்டுமே பேசியது.

ரோம் நகரக் கூட்டத்தில் நத்தோலியும் சிமோனா கஃபாட்ஸோவும் யார் யாருக்கு வால் நிமிர்த்துகிறார்கள் என்று எண்ணி 2009இல் வெளியிட்டார்கள். கூட்டத்தில் தாழ்ந்த நிலையில் உள்ள பூனைகள் உயர்ந்த நிலையில் உள்ளவற்றுக்கு அதிகமாக வால் நிமிர்த்தின. வாலை உயர்த்தி வந்தபின் கன்னத்தையும் விலாவையும் எதிர்ப்பூனையின் மேல் உரசிக்கொண்டு போவது அடுத்த படி. கன்னத்திலும் வாலடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஓயாத உரசலில் எல்லோருடைய வாசனையும் எல்லோர் மேலும் படிந்து ஒரு பொது மணம் உண்டாகிறது. அந்த மணம்தான் கூட்டத்தின் அடையாள அட்டை.

இந்தச் சைகை எங்கிருந்து வந்தது? தாய் திரும்பி வரும்போது குட்டிகள் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடி அவள்மேல் உரசும். தனித்து வாழும் காட்டுப்பூனைகளில் அது குட்டிப் பருவத்தோடு முடிகிறது. கூட்டமாக வாழத் தொடங்கிய பூனை வளர்ந்தபிறகும் அதை வைத்துக்கொண்டது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பூனைகளின் பழகும் மொழியில் பெரும்பகுதி இப்படித் தொட்டிலில் கற்றதுதான். நக்கிவிடுவதும், ஒட்டிப் படுப்பதும், முன்னங்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைவதும் தாய்க்கும் குட்டிக்கும் இடையே தொடங்கியவை.

நாய்க்கு இருப்பது, பூனைக்கு இல்லாதது

நாயின் மூதாதையான ஓநாயின் கூட்டத்தைப் பலமுள்ள தலைவன் மற்றவர்களை அடக்கி நடத்துகிறான் என்று பல பத்தாண்டுகள் சொல்லி வந்தார்கள். உறவில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்துவைத்துப் பார்த்ததால் வந்த கருத்து அது. காட்டில் பல ஆண்டுகள் ஓநாய்களோடு திரிந்த டேவிட் மெக் 1999இல் அதைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்களின் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள். தங்களைவிடப் பல மடங்கு பெரிய மானைச் சேர்ந்து மடக்குகிறார்கள். அதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. மூத்த பிள்ளைகளும் தகப்பனும் குட்டிகளுக்கு இரை கொண்டுவருகிறார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருவனோடு சண்டை வந்தாலும் நாளைக்கு அவன் இல்லாமல் வேட்டை இல்லை. அதனால் சமாதானம் செய்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். உடம்பைத் தாழ்த்துவது, காதை மடக்குவது, எதிராளியின் வாயை நக்குவது, மல்லாந்து வயிற்றைக் காட்டுவது என்று ஓநாய்க்கும் நாய்க்கும் பணிவைக் காட்டும் சைகைகள் ஏராளம். சண்டை முடிந்த சில நிமிடங்களில் சண்டையிட்டவையே தேடிப் போய் ஒட்டிக்கொள்வதை நாய்களிலும் ஓநாய்களிலும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் தெருநாய்கள் மான் வேட்டையாடுவதில்லை. கொல்கத்தாவின் ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு இந்தியத் தெருநாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அவையும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் குப்பையில் இரை தேடுகின்றன என்று கண்டது. ஆனாலும் அந்நிய நாய் தெருமுனையில் தலைகாட்டினால் எல்லாம் ஒன்றாக எழுந்து குரைக்கின்றன. இரை மாறினாலும் மூதாதையிடமிருந்து வந்த சேர்ந்து நிற்கும் பழக்கம் போகவில்லை.

பூனைக்கு அந்தப் பரம்பரை இல்லை. உறவுக்குள் இணங்கி வாழும் சைகைகளை அது தாயிடமிருந்து கொண்டுவந்தது. சண்டைக்குப் பிறகு சேர்ந்துகொள்ளும் சைகைகளோ அதனிடம் மிகக் குறைவு. தனித்து வாழும் விலங்குக்கு அவை தேவைப்படவில்லை. விலகிப் போனால் போதும். கூட்டத்திலும் பூனைகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. குறுகிய வழியில் எதிரெதிரே வந்தால் ஒன்று உட்கார்ந்து வேறெங்கோ பார்க்கிறது, மற்றது கடந்து போகிறது. நாயைப்போல் ஒருவரை ஒருவர் பின்பற்றி நடப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேட்டை இல்லாததால், வழிநடத்தும் தலைவனும் இல்லை.

‘கூப்பிட்டால் வராது’ என்று பூனையைக் குறை சொல்கிறோம். நாய்க்கு நாம் வேட்டைக்குப் புறப்படும் குடும்பத்தின் மூத்தவர். பூனைக்கு அப்படி ஒரு பதவியே தெரியாது. பற்று இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூனைகளை அவற்றை வளர்ப்பவரிடமிருந்து புதிய அறையில் இரண்டு நிமிடம் பிரித்துவைத்து, மறுபடி சேர்த்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில் சுமார் 64 விழுக்காடு குட்டிகள், வளர்ப்பவர் திரும்பியதும் பதற்றம் தணிந்து, அவரிடம் வந்து தொட்டுவிட்டு, மறுபடி அறையை ஆராயத் தொடங்கின. கைக்குழந்தைகள் தாயிடம் காட்டும் பாதுகாப்பு உணர்வும் அதே மாதிரிதான் இருக்கும்.

வீட்டுக்குள் இரண்டு கூட்டங்கள்

இதையெல்லாம் தெரிந்துகொண்டால், பூனை வளர்ப்பவர்கள் தெரியாமல் செய்யும் தவறுகள் எங்கே தொடங்குகின்றன என்று புரியும். ‘இது தனியாக இருக்கிறதே, துணைக்கு ஒன்று கொண்டுவருவோம்’ என்று வளர்ந்த பெட்டை இருக்கும் வீட்டுக்குள் இன்னொரு பெட்டையைக் கொண்டுவந்து விடுகிறோம். உறவில்லாத பெட்டை வந்தால் விரட்டுவதே கூட்டத்தின் வழக்கம். வெளியில் என்றால் வந்தவள் ஓடிவிடுவாள். அடைத்த வீட்டில் ஓட இடமில்லை, சமாதானச் சைகையும் இல்லை. கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால் முதலில் தனி அறையில் வைத்து, ஒன்றின் கன்னத்தில் தேய்த்த துணியை மற்றதன் படுக்கையில் போட்டு, மணம் பழகியபிறகு கதவிடுக்கு வழியாகவும், பிறகு நேரிலும் பார்க்க விடவேண்டும். நாள்கணக்கு போதாது, வாரங்கள் ஆகும்.

அடித்துக்கொள்ளவில்லை என்பதால் ஒத்துப்போய்விட்டன என்று நம்பிவிடவும் கூடாது. பூனைச் சண்டையில் பாதி சத்தமில்லாதது. ஒன்று வாசற்படியில் படுத்து மற்றதைக் கடக்கவிடாமல் உற்றுப் பார்க்கும். மற்றது மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், மணல் தட்டுக்குப் போக அஞ்சி மூலையில் சிறுநீர் கழிக்கும், சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடும். ஒன்றையொன்று நக்கிவிடுகின்றனவா, உடல் தொட்டுப் படுக்கின்றனவா, சந்திக்கும்போது வால் நிமிர்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் உங்கள் வீட்டில் இரண்டு கூட்டங்கள் வாழ்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியாக, ஒன்றின் கண்ணில் மற்றது படாத இடங்களில் சாப்பாட்டுத் தட்டும், தண்ணீரும், மணல் தட்டும் வையுங்கள்.

உடன்பிறந்தவைகூட ஒருநாள் ஒன்றையொன்று பார்த்துச் சீறலாம். ஒன்று கால்நடை மருத்துவமனைக்குப் போய் மருந்து வாடையோடு திரும்பிய நாளாகப் பெரும்பாலும் அது இருக்கும். கூட்டத்தின் மணம் அழிந்துபோனதால் வந்தவள் அந்நியளாகிவிட்டாள். ஓரிரு நாள் பிரித்துவைத்து, வீட்டுப் படுக்கைத் துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு கூட்டத்தைப் பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விட்டால், அங்கே ஏற்கெனவே உள்ள பெட்டைகள் அவற்றைச் சேர்க்காது. இங்கே காலியான உணவிடத்துக்கும் விளிம்பில் இருந்தவை வந்து சேரும். கருத்தடை செய்து அதே இடத்தில் திருப்பி விடுவதே தீர்வு. இத்தாலியில் 1991இல் வந்த சட்டம் தெருவில் சுதந்திரமாக வாழும் பூனைகளுக்கு அந்த வழியைத்தான் வகுத்தது. அந்தக் கருத்தடையிலும் பெட்டைகளை விடாமல் பிடிக்க வேண்டும். பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்குச் செய்து ஒன்றை விட்டுவிட்டாலும், அந்த ஒன்றே எல்லாப் பெட்டைகளுக்கும் போதும். அதுவும் இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலிருந்து கனத்த கடுவன் ஒன்று வந்து சேரும். ஐனோஷிமாவில் நடந்தது அதுதானே.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு இரண்டு பூனைகள் வேண்டும் என்று முடிவு செய்தால், இன்று ஒன்று, அடுத்த ஆண்டு ஒன்று என்று எடுக்காதீர்கள். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டையோ, தாயையும் அவள் மகளையுமோ சேர்த்து எடுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருத்தடை செய்யப்பட்ட ஒரு கூட்டத்தைக் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், உறவும் நீண்ட பழக்கமும் உள்ள பூனைகளே ஒன்றின் அருகில் ஒன்று அதிகம் இருந்தன, ஒன்றையொன்று அதிகம் நக்கிவிட்டன. தொட்டிலில் தொடங்கிய சுற்றத்தை அப்படியே கொண்டுவந்தால், நாம் புதிதாக எதையும் பழக்க வேண்டியதில்லை. இடத்தை மட்டும் கொடுத்தால் போதும், மற்றதை அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்வார்கள்.